தொண்ணூற்றைந்து டிகிரித் தண்ணீருக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது?

கரும்பில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். மொரீசியஸில் ஜூன் முதல் டிசம்பர் வரை அறுவடைக் காலம் நடக்கும்போது ஒவ்வொரு சர்க்கரை ஆலையும் தனக்கு வேண்டியதைவிட அதிகமான வெந்நீரை உற்பத்தி செய்கிறது. சாற்றைக் காய்ச்சும்போது எழும் ஆவி குளிர்ந்து தண்ணீராகிறது. அதில் ஒரு பகுதி பாய்லருக்குத் திரும்புகிறது, ஒரு பகுதி அரவை ஆலையில் சக்கையின்மீது தெளிக்கப்படுகிறது, மிச்சம் வாய்க்காலுக்குப் போகிறது. அந்த மிச்சத்தைப் பார்த்து வயிறெரியாத பொறியாளர் இந்தத் தீவில் இல்லை. கையை வைத்தால் வெந்துபோகும் தண்ணீர், காலை நேரத்தில் வாய்க்கால் முழுவதும் வெண்புகை எழ, கரும்புத் தோட்டத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஆலைக்கு ஒரு நிறுவனத்தார் வந்து இந்த வெந்நீரிலிருந்து மின்சாரம் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். மணிக்கு 100 டன் தண்ணீர், 95 டிகிரி. அதைச் சுற்றுப்புற வெப்பநிலையான 25 டிகிரி வரை குளிரவைத்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 8.2 மெகாவாட். இந்தக் கணக்கில் தவறில்லை. அடுத்த வரியில், 95 டிகிரி வெப்பத்தை 25 டிகிரிச் சூழலில் பயன்படுத்தினால் அதில் 19 சதவீதத்தை வேலையாக மாற்றலாம் என்று இருந்தது. அந்த விகிதமும் சரிதான். இரண்டையும் பெருக்கினால் 1.55 மெகாவாட் வருகிறது. "எந்திரத்தின் குறைபாடுகளுக்காகப் பாதியைக் கழித்துவிட்டோம், 750 கிலோவாட்டுக்கு மேல் நிச்சயம்" என்று பிரெஞ்சில் முடித்தார்கள். மின்சார வாரியத்துக்கு விற்றால் எத்தனை ஆண்டில் முதலீடு திரும்பும் என்ற பட்டியல் அதன்பின் திரையில் ஓடியது.

கூட்டத்தில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். எனக்கோ ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு சரியான எண்களைப் பெருக்கி எப்படி ஒரு தவறான எண் வருகிறது என்பதை முழுதாக எழுதிப் பார்க்காமல் அந்த உறுத்தல் போகாது என்று தெரிந்தது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

வெப்பத்துக்குள் இருக்கும் வேலை

ஒரு வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலையைப் பிழிந்தெடுக்க முடியும் என்பதற்கு 1824-இல் சாடி கார்னோ எல்லை கட்டினார். அந்த அதிகபட்ச வேலைக்கு எக்சர்ஜி என்ற பெயரை 1956-இல் சோரன் ரான்ட் வைத்தார். சூடான மூலத்தின் வெப்பநிலை மாறாமல் இருந்தால் கணக்கு ஒரே வரிதான்.

```
Ex = Q (1 − T0/T)
```

`Q` என்பது வெப்பம், `T` மூலத்தின் வெப்பநிலை, `T0` சுற்றுப்புறத்தின் வெப்பநிலை, இரண்டும் கெல்வினில். 95 டிகிரி என்றால் 368 கெல்வின், 25 டிகிரி என்றால் 298 கெல்வின். 298-ஐ 368-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.19. நிறுவனத்தாரின் 19 சதவீதம் இங்கிருந்துதான் வந்தது.

இந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது `T0`. வெப்பத்துக்குத் தன்னளவில் எக்சர்ஜி கிடையாது. சுற்றுப்புறம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அது வேலை செய்யும். 25 டிகிரி அறையில் 25 டிகிரித் தண்ணீர் கடல் அளவு இருந்தாலும் அதிலிருந்து ஒரு விசிறியைக்கூடச் சுற்ற வைக்க முடியாது. அந்தக் கடலுக்குள் இருக்கும் ஆற்றலை ஜூலில் சொன்னால் எழுதத் தாளே போதாது, எக்சர்ஜியில் சொன்னால் பூஜ்யம்.

கூட்டம் முடிந்து சாப்பிடப் போகும் வழியில் எங்கள் பராமரிப்புப் பிரிவுத் தம்பி கூடவே வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்திருப்பவர், அங்கேயும் சர்க்கரை ஆலையில் இருந்தவர். ஆலையில் அவரோடு மட்டும்தான் நான் தமிழில் பேசுவது. அதுவரை வாயே திறக்காதவர், "அண்ணே, அவர்களுடைய எந்திரத்திலிருந்து தண்ணீர் வெளியே வரும்போது எத்தனை டிகிரியில் இருக்கும்? அதைச் சொல்லவே இல்லையே" என்றார்.

நான் நின்றுவிட்டேன். என்னை உறுத்திக்கொண்டிருந்தது அந்தக் கேள்விதான்.

குளிர்ந்துகொண்டே போகும் மூலம்

19 சதவீதம் என்பது 95 டிகிரியிலேயே நிலைத்து நிற்கும் மூலத்துக்கு உரிய விகிதம். குளிர்ந்து திரவமாகும் நீராவி அப்படிப்பட்டது, கடைசிச் சொட்டு வரை ஒரே வெப்பநிலையில் வெப்பத்தைத் தரும். வெந்நீர் அப்படித் தராது. முதல் ஒரு டிகிரி வெப்பத்தைக் கொடுத்தவுடனே அது 94 டிகிரித் தண்ணீர். 60 டிகிரிக்கு வந்தபின் அது தரும் வெப்பத்துக்கு 10 சதவீதத்துக்கும் சற்று அதிகமான மதிப்புதான். 30 டிகிரியை நெருங்கும்போது இரண்டு சதவீதம்கூடத் தேறாது. மாடித் தொட்டியில் தண்ணீர் வடிய வடிய நீர்மட்டம் இறங்கி, அடியிலிருக்கும் கடைசிக் குடம் முதல் குடத்தின் வேகத்தோடு விழாமல் போவதுபோல. எல்லாக் குடங்களுக்கும் நிரம்பிய தொட்டியின் உயரத்தைப் போட்டுப் பெருக்கியதுதான் அந்த 1.55 மெகாவாட்.

ஒவ்வொரு டிகிரிக்கும் உரிய மதிப்பைத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் இந்தச் சூத்திரம் வருகிறது.

```
Ex = m c [ (T − T0) − T0 ln(T/T0) ]
```

மணிக்கு 100 டன் என்றால் நொடிக்கு 27.8 கிலோ. தண்ணீரின் தன்வெப்பம் 4.2. இரண்டையும் பெருக்கினால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 117 கிலோவாட். அடைப்புக்குள் முதல் உறுப்பு 70. இரண்டாவது உறுப்பு 298-ஐ 0.211-ஆல் பெருக்கினால் வரும் 62.9. மிச்சம் 7.1. ஆக மொத்த எக்சர்ஜி சுமார் 830 கிலோவாட். 8.2 மெகாவாட் வெப்பத்துக்குள் இருக்கும் வேலை இவ்வளவுதான், பத்தில் ஒரு பங்கு. உராய்வே இல்லாத எந்திரத்தை எல்லையற்ற பரப்புள்ள வெப்பமாற்றிகளோடு நிறுவி, எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஓட்டினாலும் இதற்குமேல் ஒரு கிலோவாட்டும் வராது. நிறுவனத்தார் எல்லாக் குறைபாடுகளையும் கழித்துவிட்டுத் தருவதாகச் சொன்ன 750, இந்த உச்ச எல்லையில் பத்தில் ஒன்பது பங்கு.

இனித் தம்பியின் கேள்விக்கு வருவோம். இவ்வகை எந்திரங்களில் தண்ணீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்கும் பென்டேன் போன்ற ஒரு திரவம் சுற்றி வருகிறது. வெந்நீர் அதைக் கொதிக்க வைக்கும், அந்த ஆவி டர்பைனைச் சுற்றும். கொதிக்கும் திரவம் கொதித்து முடியும் வரை ஒரே வெப்பநிலையில் நிற்கிறது. அது 65 டிகிரியில் கொதிக்கிறதென்றால் வெந்நீர் ஏறக்குறைய 70 டிகிரியில் வெளியேறித்தான் ஆக வேண்டும், அதற்குக் கீழே போனால் வெப்பம் கைமாறாது. கொதிநிலையைத் தாழ்த்தி வைத்தால் தண்ணீரை இன்னும் குளிர வைக்கலாம், அதிக வெப்பத்தையும் எடுக்கலாம். ஆனால் தாழ்ந்த வெப்பநிலையில் எடுக்கும் எல்லா வெப்பத்துக்கும் மதிப்பு குறைந்துவிடும். ஏற்றினால் மதிப்பு கூடும், அளவு குறையும். வடிவமைப்பாளர் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைப் பிடிக்கிறார். 95 டிகிரித் தண்ணீருக்கு அந்த இடம் பெரும்பாலும் 70-ஐ ஒட்டியே அமைகிறது.

95-லிருந்து 70 வரை தண்ணீர் தரும் வெப்பம் 2.9 மெகாவாட், அதன் எக்சர்ஜி 470 கிலோவாட். இங்கே ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். மொத்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் எடுத்திருக்கிறோம், மொத்த எக்சர்ஜியிலோ பாதிக்கு மேல் வந்துவிட்டது. கடைசி இருபது டிகிரியில், அதாவது 45-லிருந்து 25 வரை, 2.3 மெகாவாட் வெப்பம் இருக்கிறது. அதற்குள் இருக்கும் வேலை வெறும் 75 கிலோவாட். அந்த 2.3 மெகாவாட்டைக் கைவிட்டதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

470-இல் நல்ல எந்திரம் பாதியைத் தரும். 235 என்று வைத்துக்கொள்வோம். பம்புகளும் குளிரூட்டும் விசிறிகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் 200 கையில் நின்றால் மகிழ்ச்சி. 750 எங்கே, 200 எங்கே! இனி யார் வந்து எந்த வெந்நீருக்கு விலை பேசினாலும் முதலில் வெளியேறும் வெப்பநிலையைக் கேளுங்கள். தண்ணீர் 25 டிகிரி வரை குளிர்வதாகவும் சொல்லி, 95 டிகிரியின் விகிதத்தையும் போட்டிருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

சுற்றுப்புறம் என்பது எது?

25 டிகிரி என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். இந்தத் தீவில் அது எந்த இடத்துக் கணக்கு? கடலோரத்துப் போர்ட் லூயியில் வேட்டி நனைய வியர்க்கும் நாளில் மேட்டுநிலத்துக் கியூர்பிப்பில் கம்பளி போட்டுக்கொண்டு நிற்கிறோம். ஆலைக்கு நடைமுறையில் சுற்றுப்புறம் என்பது கழிவு வெப்பத்தை எதில் கொட்டுகிறோமோ அது. கூலிங் டவர் வைத்திருந்தால் அதன் தண்ணீர் எதுவரை குளிரும் என்பதை ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சொல்லும். காய்ந்த காற்றென்றால் தாழும், மழைக்கு முன் புழுங்கும் நாளென்றால் ஏறும். நல்லவேளையாக எங்கள் அரவைக் காலத்தின் பெரும்பகுதி குளிர்காலத்தில் விழுகிறது.

சுற்றுப்புறத்தை 20 டிகிரியாக வைத்து அதே வெந்நீரை மறுபடி கணக்கிட்டேன். 830 இருந்த இடத்தில் 960 வந்தது. தண்ணீரில் எந்த மாற்றமும் இல்லை, அதே 95 டிகிரி, அதே 100 டன். சூழல் ஐந்து டிகிரி குளிர்ந்ததற்கு எக்சர்ஜி பதினைந்து சதவீதம் கூடியிருக்கிறது. ஆயிரம் டிகிரி உலையில் இந்த ஐந்து டிகிரி கண்ணுக்கே தெரியாது. மூலம் சூழலை நெருங்க நெருங்கத்தான் சூழலின் ஒவ்வொரு டிகிரியும் கனக்கிறது. ஆகவே, இவ்வகைத் திட்டத்துக்கு ஜூலை மாத எண்ணைக் காட்டி ஆண்டு முழுவதற்கும் வருமானம் போட்டிருந்தால் அதையும் கேட்க வேண்டும். டிசம்பரில் அதே எந்திரம் வேறு எந்திரம்போல நடந்துகொள்ளும்.

உண்மையான இழப்பு எங்கே?

வெந்நீரை முடித்துவிட்டுத் தாள் மீதமிருந்ததால், சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் மின்நிலையத்தையும் இதே கண்ணால் பார்த்தேன். அங்கே காத்திருந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

மின்நிலையத்தைப் பார்க்க வருகிறவர்கள் கூலிங் டவரைத்தான் காட்டுவார்கள். நீராவிக்குக் கொடுத்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அங்கே காற்றில் கலக்கிறது. ஆற்றல் கணக்கில் அதுதான் ஆலையின் மிகப்பெரிய இழப்பு. ஆனால் அந்த வெப்பம் 40 டிகிரியில் இருக்கிறது. 298-ஐ 313-ஆல் வகுத்துக் கழித்தால் மதிப்பு ஐந்து சதவீதத்துக்குக் கீழே. நூறு பங்கு வெப்பத்தில் 67 பங்கு போனாலும் அதோடு போன வேலை மூன்று பங்குதான். அந்த வெண்மேகம் ஏறக்குறைய ஒன்றுமில்லாதது.

இப்போது உலைக்குள் பாருங்கள். ஈரச் சக்கை எரியும் தீ ஆயிரம் டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த வெப்பத்தின் நூறு பங்கில் 77 பங்கு வேலை இருக்கிறது. அதே வெப்பம் குழாய்ச் சுவரைத் தாண்டித் தண்ணீருக்குள் போகிறது. தண்ணீர் 105 டிகிரியில் நுழைந்து, கொதித்து, 82 பார் அழுத்தத்தில் 525 டிகிரி நீராவியாக வெளியேறுகிறது. அது வெப்பத்தை வாங்கும் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 282 டிகிரி. அந்த நிலையில் நூறு பங்கின் மதிப்பு 46. சில மில்லிமீட்டர் எஃகைக் கடப்பதற்குள் முப்பது பங்கு வேலை அழிந்துவிட்டது. ஒரு ஜூல்கூட வெளியே கசியவில்லை. எந்த மீட்டரும் அசையவில்லை. புகையில்லை, சத்தமில்லை, கையை வைத்தால் சுடும் வாய்க்கால் இல்லை. கூலிங் டவரில் போவதைப்போலப் பத்து மடங்கு இங்கே போகிறது, இதற்காக வயிறெரிகிறவர் யாருமில்லை.

இதைக் குறைக்க ஒரே வழி நீராவியைத் தீயின் பக்கம் உயர்த்துவது. 20 பார் அழுத்தத்தில், 325 டிகிரியில் ஓடும் பழைய பாணி பாய்லருக்கு இதே கணக்கைப் போட்டால் சராசரி 207 டிகிரி, மதிப்பு 38. அங்கிருந்து 46-க்கு வருவதற்காகத்தான் 2000-ஆம் ஆண்டில் பெல்வ்யூ மின்நிலையம் 82 பாருக்குப் போனது. அதே சக்கை, அதே தீ. மாறியது நீராவி வெப்பத்தை வாங்கும் உயரம் மட்டும். மொரீசியஸ் சக்கையிலிருந்து மின்சாரம் எடுப்பதில் பெயர் வாங்கியதற்கு இந்த எட்டுப் பங்கு முக்கியமான காரணம் என்பது என் முடிவு. அதற்குமேல் ஏற்றுவதற்குக் குழாயின் எஃகும் அதற்கான விலையும் தடை.

அப்படியானால் அந்த வெந்நீரை என்ன செய்வது?

மின்சாரம் எடுப்பதை விட்டுவிட்டு, வெப்பமாகவே கேட்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். அரவையிலிருந்து வரும் பச்சைச் சாறு 30 டிகிரியில் இருக்கிறது. அதைச் சூடாக்க எங்கள் ஆலையில், ஒரு கலத்தின் ஆவி அடுத்த கலத்தைக் காய்ச்சும்படி நான்கு கலங்கள் கொண்ட ஆவியாக்கித் தொடரின் இரண்டாம் கலத்து ஆவியைப் பயன்படுத்துகிறோம். 100 டிகிரியை ஒட்டிய ஆவியைக் கொண்டு 30 டிகிரிச் சாற்றைச் சூடாக்குவது, உலையில் நடப்பதன் சிறிய உருவம். அந்த முதல் கட்டத்தை வெந்நீரிடம் விட்டால் தண்ணீர் 95-லிருந்து 60 வரை இறங்கும். 4.1 மெகாவாட் வெப்பம் கைமாறும். மணிக்கு 300 டன் சாறு 43 டிகிரியைத் தொடும். அந்த அளவுக்கு ஆவி மிச்சம், மணிக்கு ஆறரை டன்.

இந்த ஆறரை டன்னும் அப்படியே லாபமாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் கலத்து ஆவி ஏற்கெனவே இரண்டு முறை வேலை செய்துவிட்டு வந்தது. நான்கு கலத் தொடரில் அதை ஒரு டன் மிச்சப்படுத்தினால் முதல் கலத்துக்குப் போகும் டர்பைன் கழிவு நீராவியில் அரை டன்தான் மிச்சமாகும். ஆகவே மூன்றேகால் டன். அதை வெற்றிடக் கண்டன்சர் உள்ள டர்பைனின் பின்பகுதி வழியாக விட்டால், கிலோவுக்கு ஏறக்குறைய 366 கிலோஜூல் என்று வைத்து, 330 கிலோவாட் வருகிறது. நிறுவனத்தாரின் எந்திரம் தரக்கூடிய 200-ஐவிட அதிகம். புதிய டர்பைன் வேண்டாம், பென்டேன் வேண்டாம், இருக்கும் டர்பைனில் அந்த மூன்றேகால் டன்னுக்கு இடமிருந்தால் ஒரு வெப்பமாற்றி போதும்.

தம்பியிடம் தாளைக் காட்டினேன். முழுவதையும் படித்துவிட்டு, "பச்சைச் சாற்றில் சக்கைத்தூள் வருமே அண்ணே, சாதாரணத் தட்டு மாற்றி ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்ளும்" என்றார். அகல இடைவெளித் தட்டு போட வேண்டும், ஒன்று ஓட ஒன்று கழுவ என இரண்டு வைக்க வேண்டும், சாறு உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் அழுத்தமானி வேண்டும், வித்தியாசம் ஏறத் தொடங்கினால் உடனே மாற்றிவிட வேண்டும். விலை விசாரிக்க எழுதியிருக்கிறோம். இரண்டு மாற்றிகளும் வடிகட்டியும் சேர்த்து வரும் தொகை தெரிந்த பிறகுதான் 330 கிலோவாட் அதற்கு ஈடாகுமா என்று சொல்ல முடியும்.